கொட்டாவிக்கு எழுந்த கை

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையைச் சுற்றியுள்ள வீடுகளுக்குப் போய்ப் பயிற்சி கொடுக்கும் பிசியோதெரபிஸ்டாக நான் வேலை பார்த்த மூன்று வருடங்களில், பயந்து போன வீடு ஒன்றுதான். அந்தப் பயத்தைத் தொடங்கி வைத்ததும் நான்தான், ஒரு கொட்டாவியால்.

அந்த வீட்டுக்காரர் இரும்புக் கம்பி உருட்டும் ஆலையில் இருபது வருடத்துக்கு மேல் உலை அருகே நின்றவர். ஐம்பத்து நான்கு வயது. ஒரு காலையில் பல் துலக்கும்போது பிரஷ் கீழே விழுந்திருக்கிறது. குனிந்து எடுக்கப் போனவர் எழுந்திருக்கவில்லை. மூளையில் ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டது. பேச்சு கொஞ்சம் குழறியதே தவிரத் தப்பித்துவிட்டது. ஆனால் இடது காலும் கையும் போய்விட்டன. கால் மெல்ல மெல்லத் திரும்பிக்கொண்டிருந்தது. கை மட்டும் ஈரத்துணி மாதிரி மடியில் கிடக்கும். தோள் இறங்காமலிருக்க அவர் மனைவி அதற்கு அடியில் ஒரு தலையணையை வைத்திருப்பார். மனைவியை நான் அக்கா என்பேன், அவரை அண்ணா.

எனக்கு அப்போது ஐந்தாம் மாதம். கவரைப்பேட்டையில் ரயில் ஏறி, இறங்கி, ஷேர் ஆட்டோ பிடித்து அவர்கள் வீட்டுக்குள் நுழையும்போதே உடம்பு அசந்துவிடும். அன்று காலை பதினொரு மணி. வெளியே லாரிகள் ஓடிக்கொண்டிருந்தன. ஜன்னல் கம்பிகளில் எப்போதும் போல ஆலைக் கரி படிந்திருந்தது. அவருக்கு எதிரே ஸ்டூலில் உட்கார்ந்து அவர் பாதத்தை என் முட்டியில் வைத்துக் கணுக்காலை மடக்கிக்கொண்டிருந்தேன். ஒரு பெரிய கொட்டாவி வந்தது. இரண்டு கையும் அவர் காலில் இருந்ததால் வாயை மூட முடியவில்லை.

"மன்னிச்சுக்கோங்கண்ணா," என்றேன்.

அவர் சிரிக்கப் போனார். சிரிப்பு பாதியில் மாறி அவர் வாயும் திறந்தது. தாடை விரிய விரிய, மடியில் கிடந்த இடது கை எழுந்தது.

முழங்கை மடங்கி, மணிக்கட்டு தொங்க, மெதுவாக மார்பு வரைக்கும் வந்தது. விரல்கள் ஒவ்வொன்றாக விரிந்தன. வாய் முழுதாகத் திறந்திருந்த அந்த இரண்டு மூன்று விநாடியும் அது காற்றில் அப்படியே நின்றது. வாய் மூடியதும் தொப்பென்று தலையணையில் விழுந்தது.

அக்கா கையிலிருந்த டம்ளர் உருண்டு போனது. "தூக்கிட்டாரு! கையத் தூக்கிட்டாரு மேடம்!"

"இப்ப தூக்குங்கண்ணா," என்றேன். என் குரல் எனக்கே வேறு மாதிரி கேட்டது.

அவர் கையைப் பார்த்தார். நெற்றி நரம்பு புடைத்தது, கழுத்து இறுகியது. சுண்டு விரல்கூட அசையவில்லை. பிறகு என்னைப் பார்த்து மெதுவாகக் கேட்டார்: "நான் தூக்கலம்மா. யாரு தூக்குனது?"

படித்தபோது இதைப் பற்றி எங்கோ ஒரு வரி கேள்விப்பட்ட ஞாபகம், அவ்வளவுதான். "டாக்டர்கிட்ட கேட்டுட்டு வந்து சொல்றேன்," என்று கிளம்பினேன். ஆட்டோவில் வரும்போது இன்னொரு கொட்டாவி வந்தது. எதிரே இருந்த பெண்மணிக்கும் வந்தது. நான் உடனே அவர் கைகளைப் பார்த்தேன்.

நடுவில் இரண்டு நாள் திருவள்ளூருக்கு அம்மா வீட்டுக்குப் போயிருந்தேன். அங்கே ஸ்கேன் எடுத்தார்கள். திரையில் சாம்பல் நிறத்தில் குழந்தையின் முகம் பக்கவாட்டில் தெரிந்தது. சட்டென்று அந்தச் சின்ன வாய் திறந்தது. மெதுவாக அகண்டு, கொஞ்ச நேரம் அப்படியே இருந்து, மூடிக்கொண்டது.

"கொட்டாவி," என்றார் ஸ்கேன் எடுத்த டாக்டரம்மா சாதாரணமாக. "மூணாவது மாசத்துல இருந்தே விட ஆரம்பிச்சுடும்."

உள்ளே தண்ணீர்தான் இருக்கிறது, இழுக்கக் காற்று இல்லை. பார்த்து ஒட்டிக்கொள்ள எதிரே யாரும் இல்லை. வயிற்றில் ஜெல் குளிர, சந்தோஷப்பட வேண்டிய நேரத்தில் எனக்கு மயிர்க்கூச்செறிந்தது.

மூன்றாம் நாள் அண்ணா வீட்டுக்குப் போனேன். வாசலில் எட்டு ஜோடி செருப்பு. உள்ளே பேச்சுச் சத்தமே இல்லை. கதவைத் தள்ளினேன்.

அறையின் நடுவில் நாற்காலியில் அவர். சுற்றித் தரையில் அண்டை வீட்டுப் பெண்கள், அக்காவின் தம்பி, ஆலையில் அவரோடு வேலை பார்த்த இருவர். எல்லோர் முகமும் அவரை நோக்கி இருந்தது. எல்லோரும் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார்கள். முதலில் வேண்டுமென்றே வாயைத் திறந்திருப்பார்கள் போலிருக்கிறது. நான் நுழைந்தபோது அது நிஜமாகிவிட்டிருந்தது. ஒருவர் முடிக்க அடுத்தவருக்கு, அவர் முடிக்க மூலையில் இருந்தவருக்கு. கண்ணில் நீர் வழிய, நிறுத்த முடியாமல் விட்டுக்கொண்டிருந்தார்கள். பட்டப்பகலில் ஒரு அறை நிறையத் திறந்த வாய்கள். நடுவில் அந்தக் கை எழுவதும் விழுவதுமாக இருந்தது. வாசலில் நின்ற எனக்கும் வாய் திறந்தது. பையால் மறைத்துக்கொண்டேன்.

அவர் கண்களை இறுக மூடியிருந்தார். மூடியும் பயனில்லை. யாரோ ஆவென்று மூச்சை இழுத்து விடும் சத்தம் கேட்டதும் அவர் தாடை விரிந்தது, கை கிளம்பியது.

"நிறுத்தச் சொல்லும்மா," என்றார் அழுகையோடு. "என் கைய வெச்சு என்னமோ வெளையாடுது."

எல்லோரையும் அனுப்பினேன். போகும்போது அக்காவின் தம்பி என் காதோரம் சொன்னான்: "மேடம், மாமா நடிக்கிறாரு. தூக்க முடியுது, கேட்டா தூக்க மாட்டேங்குறாரு." பக்கத்து வீட்டு அம்மாவோ, கண்ணு பட்டிருந்தால்தான் இப்படிக் கொட்டாவி வரும், உப்பும் மிளகாயும் சுற்றிப் போட வேண்டும் என்றார்.

அக்கா சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். "பழக்கப்படுத்தினா வந்துடும்னு நெனச்சேன் மேடம். ரெண்டு நாளா சாப்புடாம எதுருல குந்திக்கினு வாயத் தொறந்துக்கினே கீறேன்." அக்காவின் தாடை வீங்கியிருந்தது.

அன்று மாலையே, நான் பயிற்சி பெற்ற மருத்துவமனையின் நரம்பியல் டாக்டரைப் போய்ப் பார்த்தேன். கேட்டதும் அவர் நாற்காலியில் நிமிர்ந்தார். "நிஜமாவா? எனக்கே ரெண்டு தடவதான் பார்க்கக் கெடச்சிருக்கு."

நாமாகக் கையைத் தூக்கும் உத்தரவு மூளையின் மேல்தளத்திலிருந்து வருகிறது, அந்த வழி இவருக்கு அறுந்திருக்கிறது என்றார். கொட்டாவி அங்கே பிறப்பதில்லை. அது அடியில், மூச்சையும் தூக்கத்தையும் நடத்தும் பழைய பகுதியில் கிளம்புகிறது. அங்கிருந்து கைக்கு இறங்கும் பழைய வழிகள் எல்லோருக்கும் உண்டு. மேல்தளம் அவற்றை அடக்கி வைத்திருக்கும். அடக்குகிற ஆள் இல்லாததால் கொட்டாவியோடு கையும் கிளம்புகிறது என்று நினைக்கிறார்கள். நடிப்பும் இல்லை, குணமாகிவிட்டதற்கு அடையாளமும் இல்லை.

"சரி சார், கொட்டாவி எதுக்கு வருது? ஆக்சிஜன் கொறஞ்சா வரும்னுதானே படிச்சோம்?"

"அது தப்புன்னு ஆயிடுச்சு. அதிக ஆக்சிஜன் கொடுத்துப் பாத்தாங்க, கொறையல. கரியமில வாயுவக் கூட்டிப் பாத்தாங்க, அதிகமாகல." மூளைச் சூட்டைத் தணிக்கத்தான் என்று ஒரு கட்சி சொல்கிறது. தாடையை விரித்துக் குளிர்ந்த காற்றை இழுத்தால், தலைக்குப் போகும் ரத்தம் கொஞ்சம் ஆறும். தூக்கத்திலிருந்து விழிப்புக்கும், சலிப்பிலிருந்து கவனத்துக்கும் உடம்பு மாறும்போது போடும் கியர் என்று இன்னொரு கட்சி. ஒட்டிக்கொள்வது, கூட்டமாக வாழ்ந்த உயிர்கள் சேர்ந்து விழிப்பாக இருக்க வந்த பழக்கமாக இருக்கலாம். எதிரே இருப்பவர் செய்வதை நம் மூளை தனக்குள் செய்து பார்க்கும் குணமாகவும் இருக்கலாம். "நாலஞ்சு வயசு வரைக்கும் கொழந்தைங்களுக்கு அவ்வளவா ஒட்டாது. சில பெரியவங்களுக்கும் ஒட்டாது. ஏன்னு முழுசா யாருக்கும் தெரியாதும்மா," என்றார். சொல்லும்போதே அவருக்கும் கொட்டாவி வந்துவிட்டது.

மறுநாள் அண்ணாவிடமும் அக்காவிடமும் எல்லாவற்றையும் சொன்னேன். சூடு என்றதும் அண்ணா தலையாட்டினார். "உலைகிட்ட நிக்கிறப்ப எவனுக்கும் வராதும்மா. டீக்கு வெளிய வந்து நின்னா ஒருத்தன் ஆரம்பிப்பான். அப்புறம் வரிசையா போவும்." டாக்டரிடம் பிறகு இதைச் சொன்னபோது, அனல் காற்றால் தலையைக் குளிர வைக்க முடியாது, அதனால் அந்தக் கட்சிக்கு இது ஒத்துப்போகும் என்றார். ஆனால் உலைப் பக்கத்தில் உயிர்ப் பயமும் இருக்குமே, தளர்வதற்கு இடம் ஏது என்றும் சேர்த்துக்கொண்டார்.

அக்கா இதையெல்லாம் அவ்வளவாகக் கேட்கவில்லை. அவருக்கு வேறொரு கேள்வி. "மத்தவங்க விட்டா சிலசமயந்தான் இவருக்கு வருது. நான் விட்டா ஒருதபா கூடத் தப்பறதில்ல. அது இன்னா மேடம்?"

நெருங்கினவர்களிடமிருந்து அதிகம் ஒட்டும் என்று சிலர் சொல்கிறார்கள், அப்படி இல்லை என்று மறுப்பவர்களும் உண்டு என்றேன். அக்கா முதல் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டார். முகம் சிவந்து, தலையைக் குனிந்துகொண்டார்.

அதன்பின் அந்த வீட்டில் ஒரு கட்டுப்பாடு வந்தது. அண்ணா எதிரே யாரும் கொட்டாவி விடக் கூடாது. வந்தால் முகத்தைத் திருப்பி வெளியே போய்விட வேண்டும். நானும் பலமுறை எழுந்து வாசலுக்கு ஓடியிருக்கிறேன். அடக்க அடக்க அதிகம் வரும். கொட்டாவி என்று மனதுக்குள் நினைத்தாலே போதும், தொண்டைக்குள் ஏதோ விரிய ஆரம்பிக்கும். ஒரு நாள் அக்கா கடைக்குப் போயிருந்த நேரத்தில், ஒரு தப்பு செய்தேன். இன்னொரு முறை பார்க்க ஆசைப்பட்டு, வராத கொட்டாவியை வரவழைத்து அவருக்குக் காட்டினேன். கை எழுந்தது. விரல்கள் என்னை நோக்கி விரிந்தன. அடுத்தவர் உடம்புக்குள் நான் கைவிட்ட மாதிரி இருந்தது. அவருக்குத் தெரிந்துவிட்டது. அன்று பயிற்சி முடியும் வரை அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. நானும் மன்னிப்புக் கேட்கவில்லை. இன்றுவரை அது உறுத்துகிறது.

எட்டாம் மாதம் நான் விடுப்பு எடுப்பதற்குள் அவர் கோலூன்றித் தெருமுனை வரை நடந்தார். தோளை அவராகவே கொஞ்சம் மேலே தூக்க முடிந்தது, விரல்கள் மட்டும் வரவில்லை. தசைகள் இறுகத் தொடங்கியிருந்தன. கொட்டாவிக்குக் கை எழுவது வாரத்துக்கு வாரம் குறைந்தது. முதலில் மார்பு வரை, பிறகு வயிறு வரை, பிறகு மணிக்கட்டு மட்டும் ஒரு துடிப்பு.

கடைசியாக நான் போன நாளில் அக்காவுக்கு அடக்க முடியாமல் வந்துவிட்டது. அண்ணாவுக்கும் வந்தது. மூன்று பேரும் அந்தக் கையைப் பார்த்தோம். அது அசையவில்லை.

"அது போயிடுச்சும்மா," என்றார் அண்ணா. நிம்மதியாக இருப்பார் என்று நினைத்தேன். அவர் வலது கையால் இடது கையைத் தடவிக்கொண்டே இருந்தார். "மொதல்ல பேய்ன்னு பயந்தேன். இப்ப கூட இருந்த ஆளு சொல்லிக்காம ஊட்டக் காலி பண்ணிக்கினு போன மாரி கீது."

அக்கா அவர் எதிரே வந்து உட்கார்ந்து, வாயைப் பெரிதாகத் திறந்தார்.