தாளில் ஏறாத ஒரு எச்சரிக்கை

நல்லூர் மண்டபத்தில் ஞாயிறு காலையில் நடந்த யோகா வகுப்பைக் கேசட்டில் பதிவு செய்துகொள்வேன். பனியன் கம்பெனியில் என் பக்கத்தில் செக்கிங் பார்க்கும் அக்காவுக்கு ஞாயிறும் வேலை. கேசட்டைக் கொடுத்தால், "நிறுத்தி நிறுத்திக் கேட்டுட்டுப் பண்ண முடியல கண்ணு, வரிசையா எழுதிக் குடு" என்றார்.

எழுதினேன். முதலில் நின்று செய்பவை, பிறகு உட்கார்ந்து, கடைசியில் படுத்து. ஒவ்வொன்றுக்கும் எத்தனை எண்ண வேண்டும், எதைச் செய்யக் கூடாது என்றும் குறித்தேன். சர்வாங்காசனம்: மல்லாந்து படுத்துக் கால்களை மேலே தூக்கி முப்பது எண்ணும் வரை, கழுத்தைத் திருப்பக் கூடாது.

அந்த இடத்தில் கேசட்டில் மாஸ்டர் என்னிடம், "உங்களுக்குப் பிரஷர் இருக்குதுங்களே, இது வேண்டாமுங்க. காலை மடக்கிப் படுத்துக்குங்க" என்று சொல்லியிருந்தார். முப்பத்திரண்டு வயதில் பிரஷர் என்று எல்லார் முன்னாலும் சொன்னது எனக்குச் சுருக்கென்றிருந்தது. என் சமாச்சாரம்தானே என்று அதை மட்டும் எழுதவில்லை.

அக்காவுக்கும் பிரஷர் இருந்தது. நான் கேட்கவேயில்லை. மூன்றாம் நாள் அவர் கால்களைத் தூக்கி இருபது எண்ணுவதற்குள் தலை சுற்றிச் சாய்ந்ததில் கழுத்து பிடித்துக்கொண்டது. பார்க்கப் போனேன். பட்டை கட்டிய கழுத்தோடு, "நீ எழுதுனபடிதான் பண்ணுனேன் கண்ணு" என்றார். குறையாகச் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்து கேசட்டைப் போட்டேன். பிரஷர் பற்றி மாஸ்டர் சொல்லி முடித்ததும் என் குரல் வெடுக்கென்று கேட்டது: "தெரியுமுங்க, மேல சொல்லுங்க."