இடப்பக்கம் ஒன்பது, வலப்பக்கம் ஐந்து

கல்யாணம் முடிந்து இராமநாதபுரத்தில் குடியேறியபோது என் கணவர் கல்லூரியில் வேதியியல் விரிவுரையாளர். நான் பெண்கள் பள்ளியில் அறிவியல் ஆசிரியை. நானும் வேதியியல் படித்தவள்தான். அதனால் அவருடைய பரீட்சைப் பேப்பர் கட்டுகள் வீட்டுக்கு வந்தால், பாயை விரித்து இரண்டு பேருமே உட்கார்ந்துவிடுவோம். அவர் திருத்துவார். நான் மதிப்பெண்ணைக் கூட்டிப் போடுவேன்.

ஆக்சிஜனேற்ற ஒடுக்கச் சமன்பாடுகள் என்றால் அவருக்குக் கொள்ளை ஆசை. ஒரு தடவை அவருடன் வேலை பார்த்தவர் எழுதிய மாதிரி விடை ஒன்று வந்தது. அமிலத்தில் பெர்மாங்கனேட்டும் ஹைட்ரஜன் பெராக்சைடும் வினைபுரிவது. இரண்டு பெர்மாங்கனேட்டுக்கு ஒரு பெராக்சைடு என்று போட்டிருந்தார். நான் அணுக்களை எண்ணினேன், இரண்டு பக்கமும் ஒத்துப்போனது. மின்சுமையைக் கூட்டினேன், இந்தப் பக்கம் நேர் நான்கு, அந்தப் பக்கமும் நேர் நான்கு. சரி என்று நீட்டினேன்.

அவர் வாங்கவில்லை. "எலக்ட்ரானை எண்ணுனியா?" என்றார்.

"மின்சுமைதான் சரியா இருக்கே."

"ரெண்டையும் தனித்தனியா எழுதிப் பாரு."

எலக்ட்ரான் வாங்குவது ஒன்று, கொடுப்பது ஒன்று என்று இரண்டு அரைவினைகளாகப் பிரித்து எழுதினேன். ஒரு பெர்மாங்கனேட் ஐந்து எலக்ட்ரான் வாங்குகிறது. இரண்டுக்குப் பத்து. ஒரு பெராக்சைடு ஆக்சிஜனாகும்போது கொடுப்பதோ இரண்டுதான்.

"மிச்சம் எட்டு எங்கிட்டு இருந்து வந்துச்சு? ஒங்க அய்யா சீர் குடுத்தாரா?" என்று சிரித்தார். பெராக்சைடு ஐந்து வேண்டும். அதைப் போட்டால் அணுவும் சரி, மின்சுமையும் சரி, எலக்ட்ரானும் சரி. என் அய்யாவை இழுத்ததற்காக அன்று முழுக்க நான் அவருடன் பேசவில்லை. அவர் நான் பேசாததைக்கூடக் கவனிக்காமல் விசிலடித்துக்கொண்டே திருத்தினார். அப்படி ஒரு மனுஷர்.

அதற்கு இரண்டு மூன்று வருஷம் கழித்து அவருக்குக் காலையில் தலைவலி வர ஆரம்பித்தது. எழுந்ததும் வாந்தி எடுப்பார். பித்தம் என்று நினைத்துச் சுக்குத் தண்ணீர் போட்டுக் கொடுத்தேன். வெயில் ஏறினால் வலி குறைந்துவிடும், கிளம்பிக் கல்லூரிக்குப் போய்விடுவார்.

அந்த அரையாண்டுப் பேப்பர்களை ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நான் கூட்டிக்கொண்டிருந்தேன். வகுப்பிலேயே நன்றாகப் படிக்கிறவன் என்று அவரே சொன்ன ஒரு மாணவனுக்கு ஒரு கேள்வியில் சுழி போட்டிருந்தார். பெர்மாங்கனேட்டும் இரும்பும். அவன் இரும்புக்கு முன்னால் ஐந்து என்று எழுதியிருந்தான். அதைச் சிவப்பு மையால் அடித்திருந்தார். அடுத்த பேப்பரிலும் ஐந்து அடிபட்டிருந்தது. ஐந்தே போடாமல் ஒற்றை இரும்பாக எழுதியவர்களுக்கெல்லாம் முழு மதிப்பெண்.

கண்ணை மூடி ஒரு தடவை மனசுக்குள் போட்டுப் பார்த்தேன். பெர்மாங்கனேட் எதிர் ஒன்று, ஹைட்ரஜன் அயனி எட்டு, ஐந்து இரும்புக்குப் பத்து. மொத்தம் பதினேழு. அந்தப் பக்கம் மாங்கனீசு இரண்டு, ஐந்து இரும்புக்குப் பதினைந்து. பதினேழு. பையன் எழுதியதுதான் சரி.

"என்னங்க, இதைக் கொஞ்சம் பாருங்க" என்று பேப்பரை அவர் முன்னால் வைத்தேன்.

"அஞ்சு எதுக்கு? ஒன்னு போதுமே."

"அரைவினையை எழுதுங்களேன்."

எழுதினார். இரண்டையும் ஒரு பிசகில்லாமல் எழுதினார். எனக்கு மூச்சு வந்தது.

"பெர்மாங்கனேட் எத்தனை வாங்குது?"

"அஞ்சு."

"இரும்பு எத்தனை குடுக்குது?"

"ஒன்னு."

"அப்ப?"

"அப்ப என்ன? ரெண்டையும் கூட்ட வேண்டியதுதான்." ஒன்றுக்குக் கீழே ஒன்றாக இருந்ததை அப்படியே கூட்டி எழுதினார். எலக்ட்ரான்களை இரண்டு பக்கமும் அடித்துவிட்டார், ஐந்தையும் ஒன்றையும் சமம் போல. "பாரு. மாங்கனீசு ஒன்னு, இரும்பு ஒன்னு, ஆக்சிஜன் நாலு, ஹைட்ரஜன் எட்டு. எல்லாம் ஒத்து வருதுல்ல?"

"மின்சுமை பாருங்க."

வாய்விட்டு எண்ணினார். இடப்பக்கம் ஒன்பது. வலப்பக்கம் ஐந்து. மறுபடி எண்ணினார். மூன்றாவது தடவை விரலை மடக்கி எண்ணினார். கல்லூரியில் கரும்பலகை முழுக்க எழுதிவிட்டுத் திரும்பிப் பார்க்காமலே விடை சொல்கிற மனுஷர், சின்னப்பிள்ளை மாதிரி விரலை மடக்கிக்கொண்டிருந்தார்.

"நாலு இடிக்குதே" என்றார்.



"இந்த நாலு ஏன் இடிக்குது?" என்னை நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பார்வையை என்னால் எழுத முடியாது. "இது எனக்குத் தெரியணும்ல? எனக்குத் தெரிஞ்சதுதான இது?"

"தெரியும்ங்க. ஒடம்பு சரியில்ல, அதான்."

"இல்ல. எனக்கு என்னமோ ஆயிருச்சு." பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகினார். தப்பு எங்கே என்று நான் காட்டப் போனேன். வேண்டாம் என்று கையைத் தடுத்தார்.

மறுநாள் கட்டைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார். நானும் கூடவே போனேன். துறைத் தலைவர் மேசையில் கட்டை வைத்துவிட்டு, "இதை வேற யாராவது முதல்லருந்து திருத்தணும் சார். நான் போட்டது ஒன்னும் செல்லாது. பயகளுக்கு அநியாயம் ஆயிரக் கூடாது" என்றார். அவர் குரல் நடுங்கவில்லை. நான்தான் வெளியே வராந்தாவில் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

மதுரைப் பெரியாஸ்பத்திரியில், எப்போது ஆரம்பித்தது என்று டாக்டர் கேட்டார். தலைவலியைச் சொன்னேன். பிறகு பேப்பர் விஷயத்தையும் சொன்னேன். அவர் எழுதிக்கொண்டிருந்ததை நிறுத்தி முழுதும் கேட்டார். தலைக்குள் கட்டி இருக்கலாம், மதராஸ் கொண்டுபோங்கள் என்றார்.

நயினார்கோவிலிலிருந்து என் கணவரின் அண்ணன் வந்தார். விவசாயி, அதிகம் பேசாதவர். "மதராஸ் போறதுக்கு முன்னால ஏர்வாடிக்கு ஒருக்கப் போயிட்டு வந்துருவோம் தாயி" என்றார். கட்டிக்கும் தர்காவுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்க எனக்கு வாய்வரை வந்தது. கேட்கவில்லை. போனோம். தர்கா நிழலில் என் மடியில் தலைவைத்து என் கணவர் தூங்கினார். பக்கத்தில் மகனோடு வந்திருந்த ஒரு முஸ்லிம் அம்மா தண்ணீர் கொடுத்து, "அழுவாதீங்கம்மா, அல்லா இருக்கான்" என்றார். அவர் சொன்ன பிறகுதான் நான் அழுதுகொண்டிருப்பது எனக்கே தெரிந்தது.

மதராஸில் தலையைத் திறந்து பார்த்தார்கள். முழுதாக எடுக்க முடியவில்லை. ஊருக்குத் திரும்பி வந்தபோது வலது கை விழுந்திருந்தது. பேச்சும் குறைந்துகொண்டே போனது. கடைசியில் என்னை டீச்சர் என்று கூப்பிட்டார், யார் வீட்டுக்கோ வந்தவரைப் போல மரியாதையாக. ஐப்பசி மழை தொடங்கியபோது போய்விட்டார். எங்களுக்குக் குழந்தை இல்லை.

இராமேஸ்வரத்தில் அஸ்தியைக் கரைத்துவிட்டு, அவருடைய அண்ணனும் நானும் ரயிலில் திரும்பினோம். பாம்பன் பாலத்தில் வண்டி மெதுவாக ஊர்ந்தது. அதுவரை ஒரு சொட்டுக் கண்ணீர் விடாமல் எல்லாக் காரியத்தையும் செய்தவர், துண்டை வாயில் பொத்திக்கொண்டு அழ ஆரம்பித்தார்.

"படிச்சவன்னு, நாங்க யாரும் அவன்கிட்ட ஒன்னுமே பேசினதில்ல தாயி. ஊருக்கு வந்தா சோத்தப் போட்டு ஒதுங்கி நின்னுக்குவோம். அவன் எப்படிப்பட்டவன்?"

நான் தள்ளி உட்கார்ந்து அவருக்கு இடம் கொடுத்தேன். அவர் தம்பி விசிலடித்துக்கொண்டு பேப்பர் திருத்துவதிலிருந்து சொல்ல ஆரம்பித்தேன்.