பாலாமணிக்குப் போர்த்தாத கம்பளி

எங்கள் தேயிலை எஸ்டேட்டின் லயத்து வரிசை வீடுகளில் பாலாமணியின் தலைவலிக்குத் தனி மரியாதை உண்டு. மாதம் இரண்டு முறை வரும். இடது கண்ணுக்குள் மெல்லத் தொடங்கி, ஒரு மணி நேரத்தில் பாதித் தலை விண் விண்ணென்று தெறிக்கும். வெளிச்சம் ஆகாது, தாளிப்பு வாசனை வந்தாலே வாந்தி. ஜன்னலை அடைத்து, கறுப்புக் கம்பளியைப் போர்த்தி, சாயங்காலம்வரை யாரும் கதவைத் தட்டக் கூடாது. இது இருபது வருட வழக்கம்.

பக்கத்து வீட்டுக் கோகிலவாணிக்கு வருவது வேறு. கொழுந்துப் பையின் பட்டையை நெற்றியில் இழுத்துக் கட்டியதுபோல் தலையைச் சுற்றி ஒரே இறுக்கம், பிடரிவரை பிடிப்பு. துடிப்பில்லை, வாந்தியில்லை. அதோடேயே நாள் முழுக்கக் கொழுந்து பறிப்பாள்.

"உன்னோடதெல்லாம் ஒரு தலைவலியாடி?" என்பாள் பாலாமணி.

"ஆமாங்க்கா, உங்களுது மகாராணி தலைவலி. நாங்க கம்பளி தூக்கறவங்க."

போன ஏப்ரலில் ஒரு நாள், கொழுந்து எடை போடும் இடத்தில் பாலாமணி பின்தலையைப் பிடித்துக்கொண்டு அலறி உட்கார்ந்தாள். வாந்தி எடுத்தாள். "பழைய வலிதான், ஊட்டுல படுக்க வெச்சா செரியாயிடும்" என்றார்கள். தராசருகே எடை எழுதிக்கொண்டிருந்த நானும் தலையாட்டினேன். எல்லாம் தெரிந்தவன் என்ற நினைப்பு எனக்கு. அந்த நினைப்பை நினைத்தால் இன்றும் என்மேல் எரிச்சல் வருகிறது.

கம்பளி எடுக்க ஓடிய கோகிலவாணி பாதி வழியில் நின்றாள். திரும்பி வந்து, "அக்கா, எந்தப் பக்கம் வலிக்குது?" என்று கேட்டாள்.

"எல்லாப் பக்கமும்… இடி விழுந்தாப்ல…" நாக்கு குழறியது.

"மெதுவாத்தானுங்க ஏறும் இவங்களுக்கு. இது ஒரே அடியா வந்துருக்கு. இது அந்த வலி இல்லீங்க!" என்று என்னிடம் கத்தினாள்.

டிஸ்பென்சரி நர்ஸ் செலஸ்டின் ஓடி வந்தார். பாலாமணியால் கழுத்தை முன்னால் வளைக்க முடியவில்லை. "மாத்திரை எதுவும் குடுக்காதீங்க, வண்டிய எடுங்க. திடீர்னு உச்சத்துல வர்ற வலி, கழுத்து விறைப்பு, பேச்சுக் குழறல், இதுல ஒண்ணு இருந்தாலே காத்திருக்கக் கூடாது" என்றார்.

குன்னூரில் ஸ்கேன், அங்கிருந்து கோயம்புத்தூர். மூளையின் ரத்தக் குழாயில் வீங்கிய இடம் கசிந்திருந்தது. அன்றிரவே கசிவை அடைத்தார்கள். போர்த்திப் படுக்க வைத்திருந்தால் சாயங்காலம் கதவைத் தட்டியும் பயனிருந்திருக்காது என்று டாக்டர் சொன்னதாகக் கோகிலவாணி அழுதபடி சொன்னாள்.

இப்போது பாலாமணி இலகுவான வேலைக்கு வருகிறாள். போன வாரம் மறுபடி தலையைப் பிடித்தாள். கம்பளியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கோகிலவாணி விசாரணையைத் தொடங்கினாள்.

"எப்ப ஆரம்பிச்சுது? மெதுவாவா, ஒரே அடியாவா? கழுத்த வளைங்க பாக்கலாம்."

"இடது கண்ணுடி, காலையில இருந்து மெதுவா! பழைய சனியன்தான்டி, ஜன்னல சாத்து!"

அப்படியும் செலஸ்டின் சிஸ்டர் வந்து பார்த்து, சரி என்று சொன்ன பிறகுதான் கம்பளி விரிந்தது. பழைய சனியன் திரும்பி வந்ததற்குக் கோகிலவாணி சிரித்ததுபோல் யாரும் அவ்வளவு சந்தோஷமாகச் சிரித்து நான் பார்த்ததில்லை.