கரை மாறினால் குறி மாறும்

பாடசாலை அதிபர் என்னைக் கூப்பிட்டு, கதிரையைக் காட்டாமலே கதைக்கத் தொடங்கியபோதே எனக்கு விஷயம் பிடிபட்டுவிட்டது. ஒன்பதாம் தரத்துப் பெற்றோர் சிலர் வந்து முறையிட்டிருக்கிறார்கள்.

“சேர் படிப்பிக்கிறது புள்ளையளுக்கு விளங்குதில்லையாம்” என்றார். “வாற செவ்வாய் நான் வந்து கடைசி வாங்கில இரிக்கப் போறன். சரிவராட்டி அடுத்த தவணை அந்த வகுப்பப் புதுச் சேருக்குக் குடுப்பம். நீங்க ஆறாம் தரத்துக்குச் சுகாதாரப் பாடம் எடுக்கலாம்.”

இருபது வருடத்துக்கு மேல் கணிதம் படிப்பித்தவன் நான். என் வயிற்றைப் பார்த்தவர் எவரும் என்னிடம் சுகாதாரத்தை ஒப்படைக்க மாட்டார்கள். ஆறாம் தரத்துப் பிள்ளைகளுக்கு முன்னால் நின்று எண்ணெய்ச் சாப்பாட்டைக் குறையுங்கள் என்று நான் சொல்வதைக் கற்பனை செய்தேன். நெஞ்சில் என்னவோ செய்தது.

அன்று பின்னேரம் அது கூடியது. மனைவி ஆஸ்பத்திரிக்கு மோட்டார் சைக்கிளில் போகலாம் என்றாள். நான், மவுத்தாகி மண்ணுக்குள் போகப் போகிறவன் ஓட்டோவில் போவதுதான் மரியாதை என்றேன். போகும் வழியிலேயே வீடு வளவு யாருக்கு, மோட்டார் சைக்கிள் யாருக்கு என்று சொல்லிக்கொண்டு போனேன். “மோட்டச் சைக்கிள விப்பம், யாருக்கும் வேணாம்” என்றாள் அவள்.

ஆஸ்பத்திரியில் இருந்தவர் இளம் டொக்டர்.

“என்ன செய்யிது?”

“ஒரு மாதிரி இரிக்கி டொக்டர்.”

“ஒரு மாதிரி எண்டா? குத்துதா, எரியிதா, அழுத்துதா?”

“ஒரு மாதிரித்தான்.”

“எந்த இடத்தில? எப்ப தொடங்கின? சாப்பிட முந்தியா, புறகா?”

நெஞ்சுக்கு நடுவில், எரிகிறது, மத்தியானம் ஒரு கல்யாண வலீமாச் சாப்பாட்டுக்குப் பிறகு கூடியது என்று ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, என் நோய் என் கண் முன்னாலேயே சிறுத்துப் போனது. இருந்தாலும் நெஞ்சில் வயர்களை ஒட்டி இதயத்தைப் பார்த்தார். அதில் பிழை இல்லை. பிழை எல்லாம் மாட்டிறைச்சியில். அதையும் நான் மூன்று முறை போட்டுச் சாப்பிட்டதில்.

திரும்பி வரும்போதுதான் உறைத்தது. நான் டொக்டரிடம் சொன்ன ‘ஒரு மாதிரி’தான் பிள்ளைகள் என்னிடம் சொல்லும் ‘விளங்கல்ல’. டொக்டர் என்னிடம் எங்கே, எப்போது என்று கேட்டார். நான் பிள்ளைகளிடம் என்ன செய்தேன்? அதே கணக்கை முதலில் இருந்து, இன்னும் சத்தமாக.

மறுநாள் வகுப்பில் சட்டம் போட்டேன்.

“இனி ஒருத்தரும் விளங்கல்ல எண்டு செல்லப்படாது. எந்த வரி வரைக்கும் சரி, அடுத்த வரியில என்னத்தில சிக்குது, அத மட்டும் கேக்கணும். ‘ரெண்டாம் வரி வரைக்கும் சரி சேர், மூணாம் வரியில இந்த அஞ்சு எங்கால வந்த?’ இப்பிடி.”

வகுப்பு என்னைச் சந்தேகமாகப் பார்த்தது. ஒருவன் எழும்பினான்.

“அப்பிடிக் கேட்டா எதிர்த்துக் கதைக்கிற மாதிரி இரிக்கும் சேர்.”

“ஏன்டா?”

“விளங்கல்ல எண்டா பிழை எங்கட. இது எங்கால வந்த எண்டா பிழை உங்கட.”

இத்தனை வருடம் அவர்கள் எனக்கு மரியாதை செய்துகொண்டிருந்திருக்கிறார்கள். பரவாயில்லை, என் பிழையைக் கேட்டாலும் கோபிக்க மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன். வாக்குக் கொடுப்பது லேசு.

பலகையில் ஒரு கணக்கை நான்கு வரியில் செய்து, வரிகளுக்கு இலக்கம் போட்டு, விளங்காதவர்கள் கை உயர்த்துங்கள் என்றேன். வழக்கம்போல் அரை வகுப்பு உயர்த்தியது. ஒவ்வொருவராகக் கேட்டேன்.

“ரெண்டாம் வரியில இரிக்கிறது ஏழா, ஒண்டா சேர்?” என்றாள் ஒருத்தி. அது ஏழு. என் ஏழு, தலை குனிந்த ஒன்று மாதிரித்தான் இருக்கும்.

“மூணாம் வரி எழுதக்குள்ள என்ன செல்லின சேர்? நீங்க பலகையோட கதைச்ச. எங்களுக்குக் காத்தாடிச் சத்தம்தான் கேட்ட” என்றான் கடைசி வாங்குக்காரன்.

இன்னொருவன் முந்திய கிழமை காய்ச்சலில் வரவில்லை. முதலாம் வரியே அவனுக்குப் புதிது.

எழுத்துக் கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் நம் ஊர்ப் பேச்சில் விளங்கல்லதான். காதில் விழாவிட்டாலும் விளங்கல்லதான். நான் அந்த எல்லாருக்கும் சமன்பாட்டை விளக்கிக்கொண்டிருந்தேன். பெரிதாக எழுதி, முகத்தைக் காட்டிக் கதைத்ததும் கைகளில் பாதி இறங்கிவிட்டன. மிச்சம் இருந்தவைதான் கணிதக் கேள்விகள்.

வகுப்பின் நோய் என் படிப்பிப்பால் சுகமாகிவிட்டது என்று நினைத்து, செவ்வாய்க்கிழமை நன்றாக உடுத்துக்கொண்டு போனேன்.

அதிபர் கடைசி வாங்கில் உட்கார்ந்தார். அவர் வரலாற்றுப் பாடக்காரர். நான் 3x + 5 = 17 என்று எழுதி, வரிக்கு வரி விளக்கினேன். ஐந்தை அங்கால் கொண்டுபோனேன், 3x = 17 − 5. அது 3x = 12. பிறகு மூன்றைக் கொண்டுபோனேன், x = 12/3. விடை நான்கு. “கரை மாறினால் குறி மாறும்” என்று என் பழைய பாட்டையும் பாடிவிட்டேன். சமன் குறி ஓடுகிற ஆறு, இரண்டு பக்கமும் கரை. எத்தனை தலைமுறைக்குச் சொல்லியிருப்பேன்.

ஏழா ஒன்றா என்று கேட்ட அதே பிள்ளை எழும்பியது.

“மூணாம் வரி வரைக்கும் சரி சேர். அஞ்சு கரை மாறினதும் கழித்தலாகிச்சு. நாலாம் வரியில மூணும் கரை மாறுது. அது ஏன் கழித்தலாகாம, கீழ போய் வகுக்குது?”

“கரை மாறினால்…” என்று தொடங்கினேன்.

“அது விளங்கிச்சு சேர். நான் கேட்டது அதில்ல.”

அதிபர் நிமிர்ந்தார். எனக்கு நெஞ்சில் எரியவில்லை, குத்தியது. டொக்டர் கேட்டிருந்தால் இப்போது சரியாகச் சொல்லியிருப்பேன். நான் பேனையின் மூடியைக் கழற்றினேன், பூட்டினேன். ஆறாம் தரத்துச் சுகாதாரப் புத்தகத்தின் அட்டை கண்ணில் வந்து போனது.

வேறு வழியில்லாமல் பாட்டை விட்டேன். ஐந்து எங்கேயும் போகவில்லை என்றேன். இந்தப் பக்கம் ஐந்தைக் கூட்டியிருக்கிறது. அதை இல்லாமலாக்க ஐந்தைக் கழிக்கிறோம். ஒரு பக்கம் செய்தால் மற்றப் பக்கமும் செய்யவேண்டும், இல்லாவிட்டால் சமன் போய்விடும். அதனால்தான் அங்கே − 5. ஆனால் மூன்று கூட்டியதல்ல, x-ஐ மூன்றால் பெருக்கியது. பெருக்கியதை இல்லாமலாக்க வகுக்க வேண்டும். அதையும் இரண்டு பக்கமும். இரண்டு பக்கமும் எழுதிக் காட்டினேன்.

“அப்ப கரை எங்க சேர்?”

“கரையே இல்ல.”

“எட்டாம் வகுப்பிலயும் நீங்கதானே சேர் கரை எண்டு செல்லித் தந்த?”

வகுப்பு சிரித்தது. அதிபரும் சிரித்தார். விடை சரியா என்று எப்படிப் பார்ப்பது என்று இன்னொருவன் கேட்டான். நான்கை முதல் வரியில் போட்டுப் பார்த்தோம்: பன்னிரண்டும் ஐந்தும் பதினேழு. மணி அடித்தது.

வெளியே வந்து அதிபர் சொன்னார்: “ஒருத்தரும் விளங்கல்ல எண்டு செல்லல்ல. வகுப்பு உங்களோடயே இரிக்கட்டும். ஆனா ஒரு பாடத்துக்கு ஒரு கணக்கு எண்டா பாடத்திட்டம் எப்ப முடியிற?”

விளங்கல்ல சேர் என்று சொல்லித் தப்பலாமா என்று ஒரு கணம் பார்த்தேன். பிறகு, “எந்த அலகு பின்னுக்கு நிக்கிதெண்டு கேக்கிறீங்க சேர்?” என்றேன்.

“எல்லாம்தான்” என்றார்.

உட்கார்ந்து பார்த்ததில் பிந்தியிருந்தது இரண்டு அலகுகள்தான். சனிக்கிழமைகளில் வகுப்பு வைத்து முடித்துத் தருவதாக ஒப்புக்கொண்டேன். சனிக்கிழமை நான் மனிதனாக வாழும் ஒரே நாள், அது போனது.

வகுப்பில் போய் அறிவித்தேன். எத்தனை மணிக்கு, எத்தனை மணி வரைக்கும் என்று முன் வாங்கில் இருந்து கேட்டார்கள். கடைசி வாங்குக்காரன் கடைசியாக எழும்பினான்.

“வராட்டி என்ன செய்வீங்க சேர்?”

கோபிக்க மாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருந்தேன். யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.