இரண்டாவது நுரைக்கரண்டி

அம்பிட்டிய மேட்டுப் பங்களா ஒன்றில் நான் ஏழு வருஷம் கோக்கி. என் சமையலைக் குறை சொன்னவன் இன்னும் பிறக்கவில்லை. குடியிருந்த துரையும் துரைசாணியும் சீமைக்குக் கிளம்பும் நாள் வந்தது. துரைசாணி நற்சான்றுக் கடிதம் எழுதித் தந்தால்தான் அடுத்த பங்களாவில் வேலை. கடிதம் இல்லாத கோக்கியைக் கண்டியில் எவரும் குசினிக்குள் விடமாட்டார்கள்.

வீட்டுச் சொந்தக்காரரின் குமாஸ்தா சாமான் சரிபார்க்க வந்தார், யாழ்ப்பாணத்துக்காரர். வாடகைக்கு விடுமுன்பே ஒவ்வொரு அறையையும் படம் பிடித்திருந்தார்கள், குசினி மேசையின் லாச்சி இழுப்பறையைக்கூட இழுத்து வைத்து. அந்தப் படங்களும், அவற்றைப் பார்த்து அவர் வேலை செய்யும் கந்தோரில் யாரோ இங்கிலீசில் எழுதிய பட்டியலும் அவர் கையில் இருந்தன.

“நுரைக்கரண்டி ரெண்டு எண்டு கிடக்கு. லாச்சிக்குள்ளை ஒண்டுதான் இருக்கு. மற்றது எங்கை?” என்றார். லாச்சியில் கிடந்த துருவி பட்டியலில் இல்லாததால், அது துரைசாணியுடையது என்று தனியே எடுத்து வைத்தார்.

துரைசாணி என்னைப் பார்த்தாள். கையெழுத்திடவிருந்த கடிதத்தை மடித்துப் பைக்குள் வைத்தாள். எனக்குக் கோபம் தலைக்கேறியது. ஏழு வருஷத்தில் ஒரு கிராம்பு எடுத்தவனில்லை நான்.

“ஐயா, அந்த லாச்சிய மூடுங்க. படத்த மட்டும் காட்டுங்க, நான் சொல்றேன்.”

விரலை வைத்து ஒவ்வொன்றாகச் சொன்னேன். குழிந்து கிண்ணம்போல் இருப்பது சூப்பு மொள்ளும் அகப்பை. குழியே இல்லாமல் தட்டையாக, முனை மெலிந்திருப்பது முட்டை திருப்பும் சட்டுவம். துளையுள்ளவை இரண்டு. அங்கேதான் எழுதியவர் கோட்டை விட்டிருந்தார்.

“இது நுரைக்கரண்டி. கொதிக்கிற சட்டியில நுரை எடுக்கணும், கை சுடக்கூடாது. அதனால காம்பு நீளம், மேல வளைஞ்சிருக்கு. துளையெல்லாம் வழவழன்னு இருக்கு. இதப் பாருங்க, காம்பு கட்டை, வளைவே இல்ல. ஒவ்வொரு துளைக்கும் பக்கத்துல சின்னதா நெழல் விழுது. தகரத்துல ஆணி குத்தி முள்ளு எழுப்பியிருக்கு. இதால நுரை எடுத்தா யாரு குடிப்பா? இது கேரட்டு தேய்க்கிற துருவிங்க.”

குமாஸ்தா மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். தனியே வைத்த துருவியை எடுத்துப் படத்தருகே பிடித்தார். வட்ட வட்டமாகக் குத்திய துளைகள் வரிசை தப்பாமல் ஒத்தன. “ஓம், இதுதான்,” என்றார்.

துரைசாணி சிரித்துக்கொண்டே கடிதத்தை வெளியே எடுத்துக் கையெழுத்திட்டு நீட்டினாள். நான் வாங்கவில்லை.

“பட்டியல்ல என்னைக் கள்ளனாக்குன வரி இன்னும் இருக்குங்க,” என்றேன்.

எனக்கு இங்கிலீசு வாசிக்கத் தெரியாது. அதனால் எந்த வரி என்று குமாஸ்தாவை விரல் வைத்துக் காட்டச் சொன்னேன். அவர் பேனாவைத் திறந்து, அந்த வரியை என் கண்முன்னே குறுக்காக அடித்து, மேலே நுரைக்கரண்டி ஒன்று, துருவி ஒன்று என்று தமிழிலேயே எழுதினார். அதற்குப் பிறகுதான் கடிதத்துக்குக் கை நீட்டினேன்.