அக்டோபர் கட்டத்தில் ஒரு கோடு

எங்கள் ஏரிப் பாசனச் சங்கத்தின் தை மாதக் கூட்டத்தில் மழையைப் பற்றிப் பேசுவது நான்தான். யாரும் என்னை நியமித்ததில்லை. குடியாத்தத்தில் லுங்கி எடுத்து வண்டியில் கட்டிக்கொண்டு ஊர் ஊராக விற்கிறவன் நான். அணைக்கட்டுப் பக்கம் எந்த வாசலில் நின்றாலும், லுங்கி விற்கிறதோ இல்லையோ, ஒரு சொலவடையாவது வாங்காமல் திரும்பமாட்டேன். 'தை மழை நெய் மழை' என்று ஆரம்பித்தால் கூட்டம் கலைகிறவரை என் வாய் மூடாது. எட்டாவதோடு நின்றவனுக்கு ஊர் கொடுத்திருந்த ஒரே மேடை அது.

அந்த வருஷம் தலைவர் அதை என் சகலையிடம் கொடுத்துவிட்டார்.

சகலை என்றால் என் மனைவியின் தங்கை புருஷன். ஆம்பூர் ஷூ கம்பெனியில் சூப்பர்வைசர். கம்பெனி பஸ்ஸில் போய் வருகிறவன், சட்டைக்குள் அடையாள அட்டை. ஏரிக்குக் கீழே அவனுக்கும் எனக்கும் பக்கத்துப் பக்கத்து நிலம். இரண்டும் மாமனார் வழி வந்தவை. அவன் வரப்பு நேராக இருக்கும், என் வரப்பு கோணலாக இருக்கும். மாமனார் வீட்டில் அவனுக்கு மட்டும் கறியில் நல்ல துண்டு விழும் என்று பதினைந்து வருஷமாக எனக்கு ஒரு கணக்கு உண்டு.

"இந்தத் தடவ மனு வெக்கற விஷயம்பா. பழமொழி எடுபடாது, நம்பர் வேணும்," என்றார் தலைவர். அதில் தப்பில்லை. ஏரி பாதிகூட நிரம்பவில்லை. மழை குறைந்ததாலா, வரத்துக் கால்வாய் தூர்ந்து போனதாலா என்பதுதான் கேள்வி. மழை குறைவு என்றால் வானத்துக்கு மனுக் கொடுக்க முடியாது. மழை சரியாகப் பெய்தும் ஏரிக்குத் தண்ணீர் வரவில்லை என்றால் குற்றம் கால்வாயில் இருக்கிறது; அளந்து தூர்வாரச் சொல்லி மனுக் கொடுக்கலாம். அதற்காகத்தான் யாரோ ஒருவர் மாதவாரி மழை அட்டவணையை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து சங்கத்து வாட்ஸப் குழுவில் போட்டிருந்தார். வரிசைக்கு ஒரு மழைமானி நிலையம், பன்னிரண்டு மாதக் கட்டங்கள், கடைசியில் மொத்தம், அதற்குப் பக்கத்தில் வழக்கமான சராசரி.

கூட்டத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் சகலை வீட்டுக்கு வந்தான்.

"ண்ணா, நாளைக்கி அஞ்சு நிமிசம்தான் பேசப் போறேன். உங்ககிட்ட இருந்து ஒரு பழமொழி குடுங்க, கடைசியில சேத்துக்கறேன்."

மேடையைப் பிடுங்கினது போதாதென்று வாயையும் கேட்கிறானே என்று எனக்குள் எரிந்தது. "இன்னா எழுதி வெச்சிருக்க, காட்டு," என்றேன். நோட்டில் மணிமணியாக எழுதியிருந்தான். எங்கள் நிலையத்துக்கு மொத்தம் எழுநூற்றுச் சொச்சம் மில்லிமீட்டர். சராசரி தொள்ளாயிரத்துச் சொச்சம். ஆகவே மழை கம்மி.

'அந்தி மழை அழுதாலும் விடாது' என்று ஒன்றைக் கொடுத்து அனுப்பிவிட்டு என் போனைத் திறந்தேன். அவனிடம் ஏதாவது பிசகு கிடைக்காதா என்றுதான் பார்த்தேன், பொய் சொல்லமாட்டேன். படத்தை விரல்களால் பெரிதாக்கினேன். பிப்ரவரிக் கட்டத்தில் 0.0 என்று இருந்தது. மார்ச்சிலும் அப்படியே. அக்டோபர்க் கட்டத்தில் மட்டும் சின்னதாக ஒரு படுக்கைக்கோடு.

மழையே இல்லையென்றால் பூஜ்யம் போட்டிருப்பார்கள். கோடு என்றால் கணக்கே வரவில்லை என்று அர்த்தம். லுங்கி அட்டைப்பெட்டியின் பின்புறத்தில் மற்றப் பதினொரு மாதங்களையும் கூட்டினேன். மொத்தக் கட்டத்தில் இருந்த அதே எண் வந்தது. ஆக, அக்டோபர் அந்த மொத்தத்தில் சேரவே இல்லை. கீழ்வரிசையில் இருந்த பக்கத்து நிலையத்துக்கு அந்த ஒரு மாதமே இருநூறை ஒட்டி இருந்தது. நமக்கும் அதில் முக்கால்வாசி பெய்திருந்தால்கூட சராசரிக்கு ஏறக்குறைய வந்துவிடும்.

சகலை வீடு கூப்பிடு தூரம். நான் கூப்பிடவில்லை. நாளைக்கு நாலு பேர் நடுவில் எழுந்து சொல்லலாம் என்று வைத்துக்கொண்டேன். எப்படி எழுவது, எந்த இடத்தில் நிறுத்துவது என்றெல்லாம் யோசித்துவிட்டு சந்தோஷமாகத் தூங்கினேன்.

மறுநாள் காலை பால் சொசைட்டிக் கொட்டகையில் கூட்டம். சகலை நன்றாகப் பேசினான். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. கோடையில் மழை இல்லை, ஆடி ஆவணியில் பரவாயில்லை, வடகிழக்குப் பருவமழைதான் கையை விரித்துவிட்டது என்று சுருக்கமாகச் சொல்லி, என் பழமொழியை எடுத்துவிட்டான். நான் சொன்னால் புன்னகைப்பவர்கள் அவன் சொன்னதும் கைதட்டினார்கள். முதலில் தட்டியவர், கால்வாய்க் கரையைச் சேர்த்து வளைத்து வாழை வைத்திருப்பவர்.

"தீபாவளி அன்னிக்கி ஊத்தோ ஊத்துன்னு ஊத்துச்சே?" என்றாள் கடைமடையில் முக்கால் ஏக்கர் வைத்திருக்கும் ஒரு அக்கா. ஏரித் தண்ணீர் அவள் நிலத்துக்கு வந்து இரண்டு வருஷம் ஆயிற்று. நாற்று விட்டுவிட்டுக் காத்திருந்தாள். அந்தத் தீபாவளி அக்டோபரில்தான் வந்தது.

"ஊத்திச்சோ தூறிச்சோ, கெவுருமெண்டு கணக்குல கம்மின்னு இருக்குதில்ல?" என்றார் வாழைக்காரர்.

அக்கா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். "அப்ப மழதான் இல்லயா. யார இன்னா கேக்கறது?"

"சரி, மனு வேணாம். கலையலாம்," என்றார் தலைவர்.

நான் எழுந்தேன். "அந்த மொத்தம் தப்பு. அக்டோபர் அதுல சேரல!"

கொட்டகை சிரித்தது. "வந்துட்டாருடா! பேச விடலன்னு பேஜாரா இருக்காரு!" என்று ஒரு குரல். "சகலை மேல வயித்தெரிச்சல், யாராவது மோர் குடுங்க!" என்று இன்னொன்று. வாழைக்காரர் தொடையைத் தட்டிச் சிரித்தார். நான் கோட்டையும் பூஜ்யத்தையும் விளக்க விளக்கச் சிரிப்பு ஏறியது. நான் சொன்னது உண்மை. அவர்கள் சொன்னதும் உண்மை. நேற்றே சொல்லியிருந்தால் இந்தச் சிரிப்புக்கு வேலையே இருந்திருக்காது. ஆட்கள் செருப்பு மாட்ட ஆரம்பித்துவிட்டார்கள். அக்காவும் எழுந்துவிட்டாள்.

என் பேச்சு எடுபடாத இடத்தில் யார் பேச்சு எடுபடும் என்று எனக்குத் தெரியும். அதுதான் பதினைந்து வருஷமாக என்னை எரிப்பது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய் சகலையின் கையில் என் போனைத் திணித்தேன்.

"பிப்ரவரியப் பாரு. அப்புறம் அக்டோபரப் பாரு. பதினோரு மாசத்தக் கூட்டு."

பார்த்தான். உதடு அசையக் கூட்டினான். முகம் வெளிறியது. "ண்ணா, நேத்தே பாத்துட்டீங்களா?" என்று மெதுவாகக் கேட்டான். நான் மேசைமேல் இருந்த மைக்கை எடுத்து அவனிடம் நீட்டினேன்.

அவன் மைக்கைப் பிடித்தான். "ஒக்காருங்க எல்லாரும். நான் சொன்னது தப்பு. இது பதினோரு மாசக் கணக்குதான். அக்டோபர் கணக்கு வரவே இல்ல. மழ கம்மின்னு இத வெச்சு சொல்ல முடியாது."

எல்லாரும் உட்கார்ந்தார்கள். நான் சொன்ன அதே வார்த்தைகள்தாம். ஒருவரும் சிரிக்கவில்லை.

பிறகு வேகமாக நடந்தது. அக்டோபர்க் கணக்கைக் கேட்டு முதலில் ஒரு விண்ணப்பம். தூர்வாரும் மனுவில் எங்கள் பதினொரு மாத எண்ணும், அக்டோபர் பதிவில்லை என்ற குறிப்பும், பக்கத்து நிலையத்தின் அக்டோபர் எண்ணும். கால்வாயை அளக்க வேண்டும் என்ற வரியைத் தலைவர் சத்தமாகப் படித்தபோது வாழைக்காரர் வெளியே பீடி பிடிக்கப் போய்விட்டார்.

"தப்ப ஒத்துக்கறதுக்கே ஒரு மனசு வேணும்பா," என்று சகலையின் தோளைத் தட்டினார் தலைவர். "மொத கையெழுத்து நீ போடு."

இரண்டாவதாக அக்கா போட்டாள். மூன்றாவதாகப் பேனா என்னிடம் வந்தது. அவள் நிலத்துக்குத் தண்ணீர் வரட்டும் என்று மனதார நினைத்தேன். ஆனால் அவன் கையெழுத்து என்னுடையதைவிட அழகாக இருந்ததையும் பார்த்தேன்.