வெறுமையாக விட்ட ஆறு கட்டங்கள்

என் அக்கா பதினாறு வருடம் தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். அங்கே அவளுக்கு 'கடிகாரம்' என்று பட்டப்பெயர். சொன்ன நேரத்துக்கு ஊசி, சொன்ன நேரத்துக்கு மாத்திரை. பன்னிரண்டு மணி நேரம் நின்று நின்று முழங்கால்தான் தேய்ந்தது, வேலை நிரந்தரம் ஆகவில்லை. அரசு ஆஸ்பத்திரித் தேர்வு எழுத அவளுக்கு இந்த வருடத்தோடு வயது முடிகிறது.

"இதுதான் கடைசி வண்டிடா. விட்டா நடந்துதான் போகணும்" என்று சிரித்தாள்.

நான் நூற்பாலை அலுவலகத்தில் உற்பத்திக் கணக்குப் பார்ப்பவன். எக்ஸெல் என்றால் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. அக்காவுக்கு ஒரு ஷீட் போட்டுக் கொடுத்தேன். பதினாலு பாடத்துக்குப் பதினாலு வரிசை, எட்டு மாதிரித் தேர்வுக்கு எட்டுக் கட்டம். ஒவ்வொரு பாடத்திலும் எடுத்த சதவீதத்தைப் போட்டால், ஃபார்முலா சராசரி எடுத்து, குறைந்ததிலிருந்து வரிசைப்படுத்தும். முதலில் நிற்பதுதான் பலவீனமான பாடம். அதை முதலில் படி என்றேன். ஆனை வாங்கிக் கொடுத்தவன் மாதிரி மார்தட்டிக்கொண்டேன்.

மூன்றாவது தேர்வு எழுதிவிட்டு வந்து போன் செய்தாள்.

"டேய், மருந்தளவுக் கணக்கைக் கடைசிக்கு வச்சேன், நேரம் பத்தல. தொடவே இல்ல. அதுல என்ன போடறது?"

"எழுதலைன்னா சும்மா விட்டுடுக்கா. ஒண்ணும் போடாத."

ஆலைப் பழக்கம் அது. எந்திரம் ஓடாத நாளுக்கு நாங்கள் பூஜ்யம் போடமாட்டோம். போட்டால் சராசரி சரிந்து மேனேஜர் குதிப்பார். கட்டம் வெறுமையாக இருந்தால் ஃபார்முலா அந்த நாளைச் சேர்க்காமலே விட்டுவிடும்.

அக்கா நான் சொன்னபடி கேட்டாள். சொன்னதைச் செய்வதில் அவளை மிஞ்ச ஆளில்லை. டியூட்டி முடிந்து வந்து, ஷீட் முதலில் காட்டிய குழந்தை மருத்துவத்தை உருப்போட்டாள். அதன் சராசரி நாற்பத்தெட்டு. பேருந்தில் உட்கார்ந்தாலும் அதே புத்தகம். மாதக் கடைசியில் அது அறுபதைத் தாண்டியபோது எனக்கே பெருமை தாங்கவில்லை.

அரசுத் தேர்வு முடிவு வந்தது. இரண்டு மார்க்கில் போயிற்று.

அவள் அழவில்லை. "என் மண்டைக்கு அவ்வளவுதான்டா. முடிஞ்ச மட்டும் படிச்சாச்சு, மனசுல குறை இல்ல" என்றாள். மறுநாள் வழக்கம்போல் சீருடையை இஸ்திரி போட்டாள். எனக்குத்தான் சோறு இறங்கவில்லை.

ஒரு வாரம் கழித்து, அவளோடு வேலை செய்யும் ஒரு நர்ஸ் அந்த ஷீட்டைக் கேட்டாள். மார்க்கையெல்லாம் அழித்துச் சுத்தமாகக் கொடுக்கலாம் என்று திறந்தேன். மருந்தளவுக் கணக்கு வரிசையில் முதல் இரண்டு கட்டத்தில் எண்பது, எழுபது. பிறகு ஆறு கட்டமும் வெறுமை. சராசரி எழுபத்தைந்து. பலவீனப் பட்டியலில் பதின்மூன்றாவது இடம், ஏறக்குறைய அவளுடைய பலமான பாடம்.

ஆறிலும் பூஜ்யம் போட்டுப் பார்த்தேன். எழுபத்தைந்து பதினெட்டே முக்கால் ஆனது. அந்த வரிசை முதலிடத்துக்குத் தாவியது. அரசுத் தேர்விலும் அந்தக் கணக்கில் வந்த பத்துக் கேள்வியையும் அவள் கடைசிக்கு வைத்து, நேரமில்லாமல் விட்டிருந்தாள்.

வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். புத்தி கெட்டவன், அவளிடம் சொன்னால் பாரம் குறையும் என்று லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு போனேன். என் பாரத்தைத்தான் சொல்கிறேன்.

சமையலறை மேஜையில் வைத்துக் காட்டினேன். கண்ணாடி போட்டுக்கொண்டு மெதுவாகப் பார்த்தாள்.

"வார்டுல தினம் போடற கணக்குடா இது. தெரியாத கணக்கில்ல."

"தெரியும்க்கா. என் தப்புதான். நான்தான் சும்மா விடச் சொன்னேன். திட்டுக்கா."

திட்டவில்லை. கட்டங்களை விரலால் எண்ணினாள்.

"பூஜ்யம் போட்டிருந்தா எப்போ மேல வந்திருக்கும்?"

பொய் சொல்ல நாக்கு எழவில்லை. அதையும் நான் பார்த்து வைத்திருந்தேன்.

"நாலாவது டெஸ்ட்லயே."

"அப்புறம் பரீட்சைக்கு எத்தனை நாள் இருந்துச்சு?"

"ரெண்டு மாசம்."

"முதல்ல அந்தக் கணக்கைப் போட்டுட்டு மத்ததுக்குப் போன்னு பழகியிருந்தா..." என்று ஆரம்பித்தவள் நிறுத்திவிட்டாள். "அப்போ என் மண்டை நல்லாத்தான்டா இருந்திருக்கு."

சொல்லிவிட்டு, முடிவு வந்த அன்று அழாததையெல்லாம் சேர்த்து அழுதாள்.